ஈரோடு போன ஏற்காட்டுப் பெட்டி

அன்புள்ள அஸ்தம்பட்டி அக்கம்பக்கத்தாருக்கும், ஏற்காட்டு டீச்சரம்மாவுக்கும், காய்கறி வண்டி அண்ணனுக்கும், இன்றுவரை நான் முகம் பார்க்காத அந்த ஈரோட்டுக்காரருக்கும்,

வணக்கம். கிறிஸ்துமஸ் முடிந்து பொங்கல் வேலையே தொடங்கிவிட்டது, இப்போதுதான் நன்றி சொல்ல வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரம் தூங்கினேன். அடுத்த வாரம் பாத்திரம் தேய்த்தேன். சர்க்கரையைக் கருக்கிச் செய்த பாகு ஒட்டிய வாணலியைத் தேய்த்தவர்களுக்கு அந்த ஒரு வாரக் கணக்கு புரியும்.

வீட்டில் கேக் செய்து கொடுக்க ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது. பிறந்தநாள் கேக், வாரத்துக்கு நாலு, அவ்வளவுதான் என் அனுபவம். டிசம்பர் 1ஆம் தேதி, "அரை கிலோ பிளம் கேக் கிடைக்கும்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தேன். நாற்பது வரும் என்று நினைத்தேன். 12ஆம் தேதி நோட்டைக் கூட்டிப் பார்த்தால் இருநூற்றுப் பத்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டு அங்கிளிடம் நோட்டைக் காட்டினேன், சபாஷ் சொல்வார் என்று.

அவர் கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். சபாஷ் சொல்லவில்லை. "ஆர்டர் எடுக்கிறது போனு. வேகறது அடுப்பு. அடுப்பு எத்தனை எடுக்கும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவரே பேனாவை எடுத்தார். என்னுடையது அறுபது லிட்டர் ஓடிஜி. ஆறு அங்குல வட்ட டின் நாலு வைக்கலாம். 150 டிகிரியில் அறுபத்தைந்து நிமிடம் வேக வேண்டும். எடுத்து, துடைத்து, அடுத்ததை வைத்து, மறுபடி சூடு ஏறுவதற்கு இருபத்தைந்து நிமிடம். ஆக ஒரு நடைக்கு ஒன்றரை மணி நேரம். நானும் மனுஷி, நடுவில் சோறு பொங்க வேண்டும், பையனைப் பள்ளியில் இருந்து கூட்டிவர வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு நடைக்கு மேல் ஓடாது. இருபத்து நாலு கேக். நான் 16ஆம் தேதி ஆரம்பிப்பதாக இருந்தேன். 22 வரை ஏழு நாளில் நூற்று அறுபத்தெட்டு. நாற்பத்திரண்டு பேருக்கு இல்லை.

"யாருக்கு இல்லைன்னு இப்பவே சொல்லப் போறியா, இருபத்தி நாலாம் தேதி சொல்லப் போறியா?" என்று கேட்டார் பாருங்கள், அந்தக் கேள்விக்குத்தான் அங்கிள், முதல் நன்றி. இரண்டு நாள் முன்னால், 14ஆம் தேதியே அடுப்பைப் பற்ற வைத்தோம். வெளியூருக்குப் போகிறவை முதலில் வேகட்டும், உள்ளூர்க்காரர்களுக்குக் கடைசியில் என்று நோட்டை இரண்டாகப் பிரித்ததும் அவர்தான். நான் ரம் சேர்ப்பதில்லை, ஆரஞ்சுச் சாற்றில்தான் பழம் ஊறுகிறது. அதனால் பத்து நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள் என்று லேபிளில் போடுகிறேன். முதலில் வெந்தது முதலில் கிளம்பினால்தான் அந்தப் பத்து நாளும் வாங்கியவருக்குக் கிடைக்கும். 13ஆம் தேதியிலிருந்து வந்த ஆர்டர்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். என் சொந்தச் சித்தி இன்னும் பேசவில்லை.

அங்கிளுக்குத் தெரியாமல் ஒரு குறுக்கு வழியும் பார்த்தேன். இங்கே ஒப்புக்கொள்கிறேன். நாலுக்குப் பதில் ஆறு டின்னை உள்ளே திணித்தேன். டின்னோடு டின் உரசிக்கொண்டு நின்றது. சூடான காற்று சுற்றிவர இடமே இல்லை. அறுபத்தைந்து நிமிடத்தில் ஈர்க்குச்சியைக் குத்தினால் மாவு அப்படியே வந்தது. நூறு நிமிடம் ஆயிற்று நடு வேக. அதற்குள் சுவரோரம் இருந்த பக்கமெல்லாம் கருகல், டின்னும் டின்னும் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் வெளிறல். நூறு நிமிடத்துக்கு ஆறு, அறுபத்தைந்து நிமிடத்துக்கு நாலு. நீங்களே வகுத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். நான் வகுத்துப் பார்த்தது கருகிய பிறகு.

என் அத்தைக்கு நன்றி. மாமியாருக்கு நன்றி மடலில் இடம் கொடுக்கிற மருமகள் என்று என்னைக் கிண்டல் செய்பவர்கள் செய்யட்டும். எட்டு நாளில் ஏற்காட்டு ஆரஞ்சுத் தோலைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுத்த விரல் அவருடையது. வெள்ளைப் பகுதியைச் சுரண்டி எடுக்காவிட்டால் கசக்கும் என்று ஒரு முறைதான் சொன்னேன். அதற்கப்புறம் எனக்கே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கேக்கைக் காதால் பார்ப்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். பழம் நிறைய இருக்கிற கேக்கில் குச்சி ஏமாற்றும், திராட்சையில் குத்தினால் வெந்த கேக்கிலும் பிசுபிசுவென்றுதான் வரும். அத்தை டின்னை வெளியே எடுத்து, துணியால் பிடித்து, காதருகே கொண்டுபோவார். உள்ளே ஈரம் இருந்தால் அப்பளம் நமுத்துப் பொரிகிற மாதிரி மெல்லிய சொரசொரப்பு கேட்கும். "பேசுது, இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று திரும்ப வைப்பார். சத்தம் அடங்கினால்தான் இறக்குவோம். என் குச்சியைவிட அவர் காது சரியாகச் சொன்னது.

இனி பெட்டிக் கதைக்கு வருகிறேன். உங்களில் பாதிப் பேர் அதில் இருக்கிறீர்கள்.

ஏற்காட்டு டீச்சரம்மா பன்னிரண்டு அரை கிலோ கேட்டிருந்தார். 24ஆம் தேதி காலையில், பக்கத்து காப்பித் தோட்டத்து லைன் வீடுகளுக்கு, வீட்டுக்கு ஒன்று கொடுக்க. 22ஆம் தேதி மாலை கூரியர் தம்பி வந்து, அன்றைய மற்ற மூன்று பெட்டிகளோடு இதையும் எடுத்துப் போனார். அஸ்தம்பட்டியில் இருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர்கூட முழுசாக இருக்காது. அடுத்த நாளே போய்விடும் என்றார்கள். நாலு ரசீது வந்தது. படிக்காமல் மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

23ஆம் தேதி சாயங்காலம் ஆறரைக்கு டீச்சரம்மா போன். "பெட்டி இன்னும் வரலையே கண்ணு." போனில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பெட்டி வந்து சேர்ந்துவிட்டதாகக் காட்டியது. ஊர்: ERODE.

அரிசி டப்பாவைத் தூக்கி ரசீதை எடுத்தேன். அதிலும் ERODE தான். நான் எழுதியது YERCAUD. பதிவு செய்கிற இடத்தில் யாரோ அவசரத்தில், ஊர்ப் பட்டியலில் காதில் விழுந்ததைத் தட்டியிருக்கிறார்கள். ஏற்காடு, ஈரோடு. பண்டிகைக் கூட்டத்தில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஏற்காட்டு அஞ்சல் குறியீடு 636இல் ஆரம்பிக்கும், ஈரோட்டுடையது 638. அதைப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். ஆனால் அந்த எண்ணை நான் முகவரியின் கடைசி வரியில் பொடி எழுத்தில் எழுதி, அதன் மேல் பாகுக் கையையும் வைத்திருந்தேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். தப்பு அவர்களுடையது. ரசீதைக் கையில் வாங்கி ஒரு நாள் முழுக்கப் படிக்காமல் இருந்தது நான்.

அலுவலகத்துக்குப் போன் செய்தால், இன்றைக்கு லோடு கிளம்பிவிட்டது, 25 விடுமுறை, 27ஆம் தேதி சேலம் வரும் என்றார்கள். என் குரல் உயர்ந்தது, அந்தப் பக்கத்துக் குரலும் உயர்ந்தது. பெட்டியை எடுத்துப் போன தம்பி மட்டும் அரை மணி நேரத்தில் வீட்டு வாசலில் வந்து நின்றார். பதிவு அவர் போட்டதில்லை, அவர் வரவேண்டிய தேவையே இல்லை. ஈரோட்டு ஆபீஸில் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, அந்தப் பெட்டியைக் குவியலில் இருந்து எடுத்து, மேலே எதுவும் அடுக்காமல் மேஜைமேல் வைக்கச் சொன்னார். அந்த ஈரோட்டுக்காரர் வைத்தும் இருக்கிறார், பெட்டிமேல் பேனாவால் "கேக்" என்று பெரிதாக எழுதியும் இருக்கிறார். அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தம்பி, நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

ஈரோட்டுக்கு ஓடிப் போய் எடுத்து வரலாமா, இங்கேயே மறுபடி செய்யலாமா என்று வாசலில் ஒரு சின்னப் பஞ்சாயத்து நடந்தது. ஈரோடு அலுவலகம் எட்டரைக்கு மூடிவிடும். போய்ச் சேர முடியாது. மறுபடி செய்ய ஆரஞ்சுச் சாற்றில் ஊறிய பழம் வேண்டும். ஒரு கேக்குக்கு நூற்றைம்பது கிராம், பன்னிரண்டுக்கு ஒரு கிலோ எண்ணூறு. டப்பாவில் அறுநூறு கிராம்தான் மிச்சம். மாடி வீட்டு அக்காவின் மகன் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தவன், நான் கேட்பதற்கு முன்னாலேயே பைக்கை எடுத்தான். செவ்வாய்பேட்டையில் மொத்தக் கடைக்காரர் ஷட்டரை பாதி இறக்கியிருந்தாராம். இவன் கதையைச் சொன்னதும் மறுபடி ஏற்றி, உலர் திராட்சையும் பேரீச்சையும் முந்திரியும் எடைபோட்டுக் கொடுத்திருக்கிறார். ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தது. அண்ணாச்சி, பாக்கி நூற்று இருபது ரூபாயை மறுநாளே கொடுத்தனுப்பினேன், வந்ததா என்று மட்டும் சொல்லுங்கள்.

ஊறப்போட நேரம் கிடையாது. பழத்தை ஆரஞ்சுச் சாற்றோடு சிறுதீயில் பத்து நிமிடம் வேகவிட்டால் சாற்றைக் குடித்துக்கொள்ளும். ஆனால் அது முழுக்க ஆற வேண்டும். சூட்டோடு சேர்த்தால் குழைத்து வைத்த வெண்ணெய் உருகி, மாவு எண்ணெய் கக்கி, கேக் கல்லாகிவிடும். தாம்பாளத்தில் பரப்பி, மாடி வீட்டு அக்கா விசிறியால் வீச, நான் முட்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஆறுவதற்குள் பதினொன்று.

இரண்டாவது அடுப்பு தந்ததும் அக்காதான். முப்பது லிட்டர், இரண்டு டின் வைக்கலாம். அதை என் சமையலறைக்குத் தூக்கி வரப் போனபோது அங்கிள் தடுத்தார். என் அடுப்பே இரண்டாயிரம் வாட் இழுக்கிறது, இரண்டையும் ஒரே லைனில் போட்டால் சுவிட்ச் விழும், பாதி வெந்த கேக் அமுங்கிவிடும் என்றார். ஆகவே இரண்டு டின் மாடியில், நாலு டின் கீழே. அக்காவின் அடுப்பு சின்னது, மேல் கம்பி டின்னுக்கு ரொம்பப் பக்கம். நாற்பது நிமிடத்திலேயே மேற்பகுதி கறுக்க ஆரம்பித்ததும் அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போட்டோம். முதல் ஆறு பன்னிரண்டே முக்காலுக்கு வெளியே வந்தது. அடுத்த ஆறு இரண்டேகாலுக்கு.

டீச்சரம்மா எட்டரைக்கு லைன் வீடுகளுக்குக் கிளம்புவார். எங்கள் தெருவில் இருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு தினமும் மலைக்குப் போகிற குட்டி யானை நாலரைக்குக் கிளம்பும். அதை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர வழியில்லை. எனக்கு இருந்த பயம் வேகுமா என்பதில்லை, ஆறுமா என்பதுதான். பிளம் கேக் நடுவரை ஆற நாலைந்து மணி நேரம் பிடிக்கும். வெளியே தொட்டால் ஆறியது போல இருக்கும், வயிற்றில் சூடு நிற்கும். அந்த நிலையில் உறை போட்டுச் சுற்றினால் உள்ளே முத்து முத்தாக வியர்க்கும். வியர்த்த இடத்தில் மூன்றாம் நாள் பூஞ்சை. முதல் ஆறு கிட்டத்தட்ட ஆறியிருந்தது, கடைசி நிமிடத்தில் சுற்றினேன். இரண்டாவது ஆறைச் சுற்றவே இல்லை. டின்னில் இருந்து எடுத்து, பட்டர் பேப்பரோடு, பேக்கரிக்காரர்கள் ரொட்டி அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேட்டில் வைத்தோம். இடைவெளியில் டவலைச் சுருட்டிச் சொருகினோம். மேலே அத்தை மாமாவின் வெள்ளை வேட்டியைத் துவைத்து இஸ்திரி போட்டது ஒன்றை எடுத்துப் போர்த்தினார்.

வண்டி அண்ணன் முன் சீட்டில் இருந்த வெங்காய மூட்டையைப் பின்னால் தள்ளி எனக்கு இடம் கொடுத்தார். கிரேட் என் மடியில். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை பரவாயில்லை. அதற்கப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் அண்ணன் முன்னாலேயே "அக்கா, இடது", "அக்கா, வலது" என்று சொல்லிச் சொல்லித் திருப்பினார். நான் கிரேட்டை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்தேன். வழக்கமாக அந்த ஏற்றத்தை அவர் எவ்வளவு வேகத்தில் ஏறுவார் என்று எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு பால் வண்டி எங்களை முந்திப் போனது. ஜன்னலைத் திறந்தே வைத்தார். மார்கழிக் குளிரில் நான் நடுங்கினேன், கேக்குக்கு அதுதான் நல்லது.

டீச்சரம்மா வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். என்னைத் திட்டியிருக்கலாம். கடுங்காப்பி கொடுத்தார். வராண்டா மேஜையில் ஆறு கேக்கையும் கம்பி வலைமேல் பரப்பி, இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அடிப்பக்கத்து நடுவில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். மேஜையின் குளிர்ச்சியும் கேக்கின் குளிர்ச்சியும் ஒன்றாகத் தெரிந்தபோது மணி எட்டு. சுற்றி, ஸ்டிக்கர் ஒட்டி, எட்டரைக்குப் பன்னிரண்டும் கூடையில். அவர் மேலே நடந்தார், நான் சேலம் பஸ்ஸுக்குக் கீழே நடந்தேன்.

ஈரோடு போன பெட்டி சொன்னபடி 27ஆம் தேதி வந்தது. கூரியர்க் கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள், கேக்குக்கு எதுவும் இல்லை. பொருளின் மதிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது ரசீதில், அதையும் நான் காலியாக விட்டிருந்தேன். பெட்டியைத் திறந்தேன். மூலையில் இருந்த இரண்டு நசுங்கியிருந்தன. ஒன்பது நன்றாக இருந்தன. ஒன்றின் உறைக்குள் மட்டும் வியர்வைத் துளி, அடியில் மிளகு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

அதைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையாகவே கை நடுங்கியது. என் தங்கையின் யோசனைப்படி ஒவ்வொரு ஸ்டிக்கர் ஓரத்திலும் எத்தனையாவது நடை என்று பென்சிலால் எழுதியிருந்தோம். ஐம்பத்திரண்டு என்று இருந்தது. 22ஆம் தேதி மதியம், நாலு பெட்டியும் கிளம்ப வேண்டிய அவசரத்தில் நான் இரண்டு மணி நேரத்திலேயே சுற்றிவிட்ட நடை. அதில் வெந்தது நாலு கேக். மற்ற மூன்றும் யாருக்குப் போயின என்று நோட்டில் தேடி, மூன்று பேருக்கும் போன் செய்தேன். ஒருவர் வீட்டில் 24ஆம் தேதியே தீர்ந்துவிட்டது. ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நன்றாகத்தான் இருக்கிறது என்றார், வேண்டாம் என்று சொல்லி நிறுத்தினேன். சூரமங்கலத்து அம்மா உறையைப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, ஓரத்துல தண்ணி நிக்குது" என்றார். இருவருக்கும் புதிதாகச் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். சூரமங்கலத்து அம்மா பணத்தைத் திருப்பி வாங்க மறுத்ததோடு, ஒரு பை நிறைய முருங்கைக்காயும் கொடுத்து அனுப்பினார். அந்த மூன்று பேருக்கும் இந்த மடலில் தனியாக ஒரு நன்றி. அன்றைக்கு நீங்கள் திட்டியிருந்தால் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

ஒன்பது கேக்கையும் நான் விற்கவில்லை. ஐந்து நாள் என் கண்ணில் படாமல் ஊர் சுற்றியது அது. ஒன்றை வெட்டிப் பார்த்து நானும் அத்தையும் முதலில் சாப்பிட்டோம், மறுநாள் வரை ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு, கதையையும் சொல்லித் தெருவில் கொடுத்தோம். இப்போது என் பெட்டிகளில் ஊர்ப் பெயர் தமிழில் பெரிதாக, அஞ்சல் குறியீடு அதைவிடப் பெரிதாக, சிவப்பு மையில். கூரியர் தம்பி ரசீதை நீட்டியதும் வாசலிலேயே சத்தமாகப் படிக்கிறேன். அவர் சிரிக்கிறார்.

கடைசியாக ஒரு விஷயம். அந்த இரவில் யார் யார் வீட்டில் இருந்து எது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மூடி இல்லாத இரண்டு எவர்சில்வர் தூக்கு, "ர" என்று பெயர் வெட்டிய ஒரு தாம்பாளம், மூங்கில் விசிறி ஒன்று, நீலக் கரை போட்ட டவல் மூன்று, ஒரு குழிக்கரண்டி இவையெல்லாம் என் வீட்டு மேஜையில் இருக்கின்றன. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாமாவின் வேட்டி மட்டும் கிடைக்கவில்லை. டீச்சரம்மா, உங்கள் வராண்டாவில் இருக்கிறதா என்று கொஞ்சம் பாருங்கள்.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டி கேக் வீட்டுப் பெண்